அறுத்த பலகையும் 98,400 ரூபாயும்: ஒரு சமையலறை வேலையில் முன்பணம் கேட்ட விதம்

மதுரையில் சின்னதாக ஒரு மரவேலைப் பட்டறை நடத்துகிறேன். நானும் மூன்று ஆசாரிகளும்தான். சமையலறை, அலமாரி, லாஃப்ட் இவைதான் பெரும்பாலும் வரும் வேலைகள். ஒரு சமையலறையை எடுத்தால் பட்டறையில் பதினைந்து நாள், வீட்டில் பொருத்த மூன்று நான்கு நாள் ஆகும். அதுவரை வேறு பெரிய வேலை எதையும் உள்ளே விட முடியாது.

இங்கே எழுதப்போவது ஒரே ஒரு வேலையைப் பற்றி. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டுச் சமையலறை, மொத்தம் 2,40,000 ரூபாய், வரி உட்பட. பணத்தைப் பொறுத்தவரை சிக்கலே இல்லாமல் முடிந்த வேலை. ஆனால் அதில் முன்பணம் கேட்ட விதத்துக்கு நான் வந்து சேர, அதற்கு முன் ஒரு வேலையை இழக்க வேண்டியிருந்தது. அதையும் சொன்னால்தான் இது புரியும்.

இழந்த வேலை இப்படி நடந்தது. சொந்தக்காரர் ஒருவர் மூலமாக வந்தவர், புதுவீடு, மூன்றரை லட்சம் ரூபாய் வேலை. அளவெடுத்து, படம் போட்டு, விலையும் பேசி முடித்தாகிவிட்டது. "எப்போ ஆரம்பிக்கலாம்?" என்று போனில் கேட்டார். நான், "பாதி அட்வான்ஸ் கொடுத்தீங்கன்னா உடனே ஆரம்பிச்சிடலாம் சார்" என்றேன். "பாதியா? எதுக்கு அவ்வளவு?" என்றார். அந்த இடத்தில் என் வாயில் வந்தது இதுதான்: "தப்பா நினைக்காதீங்க சார், உங்களை நம்பாம இல்ல. முன்னாடி ஒருத்தர் வேலையைச் சொல்லிட்டு ஏமாத்திட்டாரு, அதுலேர்ந்து எல்லார்கிட்டயும் வாங்கிடறது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அவர் ஏமாத்தினதுக்கு நான் என்ன பண்ணுவேன் தம்பி?" என்று கேட்டார். பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தார். அவர் பேசவில்லை. சொந்தக்காரர்தான் பிறகு சொன்னார், "என்னப்பா, அவரைத் திருடன் மாதிரி பேசிட்டியாமே" என்று.

நான் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் விழுந்தது அதுதான். "உங்களை நம்பாமல் இல்லை" என்று சொன்ன அந்த நொடியில்தான் நம்பிக்கை என்ற பேச்சே எங்கள் நடுவில் வந்தது. அதுவரை அவர் கேட்டது, பாதி எதற்கு என்ற ஒரு கணக்குக் கேள்வி மட்டுமே. கணக்கைக் கேட்டவருக்கு நான் குணத்தைப் பற்றிப் பதில் சொல்லிவிட்டேன்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் அதில் இருந்தது. முன்னாடி ஒருத்தர் ஏமாற்றினார் என்று சொன்னேனே, அது உண்மையே இல்லை. அந்த ஆள் ஏமாற்றுக்காரர் அல்ல. அலமாரிக்கு ஆர்டர் கொடுத்தார், நானும் பலகையை அறுத்துக் கரும்பச்சை மைக்கா ஒட்டி முடித்தேன். அதற்குள் அவருக்கு வெளியூருக்கு மாற்றல் வந்து, அந்த வீட்டையே விற்றுவிட்டார். வருத்தத்தோடு வந்து பேசினார், கையில் இருந்ததைக் கொடுத்தார், அது பொருள் செலவில் பாதிக்கும் வரவில்லை. நல்ல மனிதர், அவர் வாழ்க்கையில் ஒன்று மாறியது, நஷ்டம் எனக்கு வந்தது. நடந்தது அவ்வளவுதான். அதை நான் மனதுக்குள் "ஏமாற்றம்" என்று எழுதி வைத்துக்கொண்டு, அடுத்தவரிடம் "ஏமாற்றினார்" என்று சொல்லியிருக்கிறேன்.

இதை யோசித்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெளிவானது. முன்பணம் எனக்குத் தேவைப்படுவது கெட்டவர்களால் அல்ல. மாற்றல் வரும், வீட்டில் ஒரு துக்கம் நடக்கும், மகன் வெளிநாட்டிலிருந்து "இப்போ வேண்டாம்மா" என்பான், ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிடும். நல்லவர்களுக்கு வருவதுதான் இதெல்லாம். பலகையை அறுத்த பிறகு வந்தால் அந்தப் பலகை யார் கணக்கு என்பது மட்டுமே கேள்வி.

சரி, ஆசிரியை வீட்டு வேலைக்கு வருகிறேன்.

அவர் வீட்டில் கிரானைட் மேடை ஏற்கெனவே இருந்தது. கட்டியபோது கொத்தனார் தடுப்புச் சுவர் வைத்து மேடையை நிறுத்தியிருந்தார். கீழே ஐந்து இடைவெளிகள். ஒன்று 23 அங்குலம், அடுத்தது 22½, மூலையில் 35¼ என்று எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை. தரையும் தண்ணீர் வடியும் பக்கம் சரிந்திருந்ததால் ஒரு ஓரத்தில் உயரம் 29¼ அங்குலம், மறு ஓரத்தில் 29¾. பழைய வீடுகளில் இது வழக்கம்தான். இதன் பொருள், அந்தச் சமையலறைக்கு அறுக்கும் ஒவ்வொரு துண்டும் அந்த ஒரு இடத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பது.

கொட்டேஷனைப் படித்துப் பார்த்துவிட்டு டீச்சர் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. வேலையை முடிங்க, மொத்தமா வாங்கிக்கோங்க. நான் எங்கே ஓடிடப் போறேன்?"

எங்கள் தொழிலில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள். இதற்கு "அய்யோ, அப்படி நினைக்கல டீச்சர்" என்று பதில் சொன்னால் பழைய பள்ளத்திலேயே விழுவேன். "இது எங்க வழக்கம்" என்றால், உன் வழக்கத்துக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று தோன்றும். வேறு சிலர் சொல்வார்கள், "கையில காசு புரள மாட்டேங்குது, கொஞ்சம் கொடுத்தா உதவியா இருக்கும்" என்று. இது மூன்றிலும் மோசமானது. அதைக் கேட்டால் வீட்டுக்காரருக்கு இரக்கம் வராது, இவரால் வேலையை முடிக்க முடியுமா என்ற பயம்தான் வரும். நம் மேல் அவருக்குச் சந்தேகத்தை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

அதனால் அன்று நான் பதில் எதுவும் சொல்லவில்லை. "டீச்சர், மைக்கா கலர் பார்க்க எப்படியும் கடைக்கு வரணும். அப்படியே பட்டறைக்கும் வாங்க, உங்க வேலை எப்படி நடக்கும்னு காட்டறேன்" என்றேன்.

வந்தார். பட்டறையின் மூலையில் அந்தக் கரும்பச்சைக் கதவுகள் இரண்டு இன்னும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. 78 அங்குல உயரம், 19 அங்குல அகலம். ஓரம் சுற்றி எட்ஜ் பேண்ட் ஒட்டி, கீல் வைக்கக் குழியும் போட்டாகிவிட்டது. மேலே மரத்தூள் படிந்திருந்தது. டீச்சர் விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, இதை ஏன் சும்மா வச்சிருக்கீங்க? வேற யார் வீட்டுக்காவது வைக்கலாமே" என்றார்.

டேப்பை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அகலத்தை அளந்தார், 19. "உங்க வீட்டுல இருக்கிற இடைவெளி 22½ டீச்சர்" என்றேன். உயரத்தை வெட்டிக்கொள்ளலாமே என்றார். வெட்டலாம், ஆனால் கீல் குழி இடம் மாறிப்போகும், வெட்டிய ஓரத்தில் பேண்ட் மறுபடி ஒட்ட வேண்டும், அகலத்தில் குறைவது மூன்றரை அங்குலம், அதை ஒட்டுப்போட முடியாது. அது யார் வீட்டுக் கதவு, ஏன் இங்கே நிற்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு ஆளைப் பற்றிய கதையாக அதைச் சொல்லியிருந்தால், அவர் அந்த ஆளோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்திருப்பார். பலகையைப் பற்றிப் பேசியதால் தன் வீட்டுப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"அப்போ எனக்குன்னு அறுத்துட்டா அது எனக்கு மட்டும்தான்" என்றார் அவரே.

அதன் பிறகு பணம் பேசுவது எளிதாகிவிட்டது. "ஆமா டீச்சர். முழு ஷீட்டா இருக்கிற வரைக்கும் கடைக்காரர் திருப்பி எடுத்துப்பார். அறுத்துட்டா யாருக்கும் ஆகாது. அதனால அறுக்கறதுக்கு முன்னாடி வாங்க வேண்டிய பொருளுக்கு மட்டும் முதல்ல பணம் கொடுங்க. மீதியை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி, பட்டியலை எடுத்து வைத்தேன்.

18 மி.மீ. பிளைவுட் 14 ஷீட், ஒன்று 3,500 வீதம் 49,000. பின்பக்கத்துக்கு 6 மி.மீ. 4 ஷீட், 6,400. வெளிப்பக்க மைக்கா 12 ஷீட், 22,800. உள்பக்க மைக்கா 14 ஷீட், 11,200. பசை, எட்ஜ் பேண்ட், ஸ்குரூ எல்லாம் சேர்த்து 9,000. கூட்டினால் 98,400.

பாதி கேட்டிருந்தால் 1,20,000 கேட்டிருப்பேன். வித்தியாசம் 21,600 தான். ஆனால் பாதி என்பது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் அந்தப் பழைய வாடிக்கையாளர் "எதுக்கு அவ்வளவு" என்று கேட்டார். 98,400 எங்கிருந்து வந்தது என்று டீச்சருக்குத் தெரியும். சிவப்பு மையில் அவரே ஒருமுறை கூட்டிச் சரிபார்த்தார். ஒரு லட்சமாக முழுமைப்படுத்திக் கேட்கலாமா என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. நல்லவேளை, செய்யவில்லை. பொருளுக்கு என்று காரணம் சொல்லிவிட்டு, பொருளின் விலையைவிடக் கூடுதலாக ஆயிரத்து அறுநூறு கேட்டாலும் அந்தக் காரணம் பொய்யாகிவிடும். படித்தவர்களுக்கு மட்டுமல்ல, யாருக்குமே அது தெரிந்துவிடும்.

அவர் ஒரு கேள்வி கேட்டார், நான் எதிர்பார்க்காதது. "பொருளுக்குத்தானே? அப்போ நானே கடையில பணத்தைக் கட்டி வாங்கித் தந்துடறேனே?"

முன்பெல்லாம் இதைக் கேட்டால் எனக்கு முகம் மாறிவிடும், நம்மை நம்பவில்லை என்று தோன்றும். ஆனால் நான் சொன்ன காரணம் உண்மை என்றால் இந்த வழியும் சரிதான். "தாராளமா செய்யலாம் டீச்சர்" என்றேன். அதோடு அதில் என்ன மாறும் என்பதையும் சொன்னேன். அறுக்கும்போது ஒரு ஷீட் பத்தாமல் போனால், அல்லது ஒன்று வீணானால், மறுபடி வாங்கிக் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. பிளைவுட் பின்னால் உப்பினாலோ பிரிந்தாலோ கடையோடு பேச வேண்டியதும் அவர். நான் வாங்கினால் இரண்டும் என் பொறுப்பு, விலையும் கூடாது. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, "நீங்களே வாங்குங்க, பில்லை மட்டும் காட்டுங்க" என்றார்.

மீதியையும் அன்றே பேசி முடித்தோம். பெட்டிகள் செய்து வீட்டுக்கு வந்து இறங்கும் நாளில் 85,000. அதில் 38,000 கீல், டிராயர் சேனல், கைப்பிடிகளுக்கு. மீதி அதுவரையிலான கூலிக்கு. எல்லாம் பொருத்தி, கதவுகள் ஒழுங்காகத் திறந்து மூடுவதை அவர் பார்த்த பிறகு கடைசி 56,600. இந்தக் கடைசித் தொகையை நான் வேண்டுமென்றே பெரிதாக வைக்கிறேன். முன்பணம் வாங்கிக்கொண்டு போன ஆசாரி திரும்பி வரவில்லை என்ற கதை எல்லாத் தெருவிலும் உண்டு. டீச்சருக்கும் அது தெரியாமல் இருக்காது. அவர் அதைச் சொல்லவில்லை, என் கௌரவத்தை மதித்து. கடைசிப் பணம் தன் கையில் இருக்கிறது என்றால் அவரும் அதைச் சொல்ல வேண்டிய தேவையே வராது.

வேலை நின்றுபோனால் என்ன என்பதையும் எழுதினோம். கொட்டேஷனின் அடியில் "முன்பணம் திருப்பித் தரப்படாது" என்று ஒரே வரியில் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. படிக்கும்போதே மனதைக் குத்தும் வரி அது. தவிர, சட்டத்திலும் அது அப்படியே நிற்கும் என்று சொல்லிவிட முடியாது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும் என்கிறது. நாங்கள் எழுதியது மூன்று நிலை. பொருள் வாங்கும் முன் நிறுத்தினால் முழுப் பணமும் திரும்ப வரும். வாங்கிய பிறகு, அறுக்கும் முன் என்றால் கடைக்காரர் பிடித்துக்கொள்வதும் வண்டி வாடகையும் போக மீதி வரும். அறுத்த பிறகு என்றால் அறுத்த பலகைகள் அவருடையவை, எடுத்துப் போகலாம், அறுக்காத ஷீட்டுக்கு மட்டும் பணம் திரும்பும். பட்டறையில் டேப் பிடித்து அளந்தவருக்கு இந்த மூன்றாவது நிலையை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

பணம் உடனே வரவில்லை. ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் புது வேலைக்குப் பணம் கொடுக்க அவருக்கு மனமில்லை. "ஆவணி முதல் புதன்கிழமை தரேன் தம்பி" என்றார். இங்கே நாள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டறையில் ஒரு நேரத்தில் ஒரு சமையலறைதான் என்றேனே, அந்த இடத்தை யாருக்கு வைப்பது என்பதும் முன்பணத்துக்கு ஒரு நியாயமான காரணம்தான். அதையும் நேராகவே சொன்னேன்: "புதன்கிழமை பணம் வந்தா வியாழக்கிழமை பொருள் இறங்கும், அந்த மூணு வாரம் உங்களுது. அதுக்கு முன்னாடி வேற யாராவது பணம் கட்டிட்டா அவங்களுது முடிஞ்சு உங்களுது. அப்படி யாராவது வந்தா முதல்ல உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்வேன்." ஆடி என்பதால் யாரும் வரவில்லை. வந்தார்கள் என்று பொய் சொல்லி அவரை அவசரப்படுத்தும் ஆசை ஒரு தொழில்காரனுக்கு வரும். அது ஒருநாள் தெரிந்தால் மற்ற எல்லாக் காரணங்களும் பொய்யாகத்தான் தோன்றும்.

சொன்ன புதன்கிழமை காலையில் வரச் சொன்னார். தட்டில் வெற்றிலை பாக்கு, மேலே ஒரு ரூபாய் நாணயம். 98,400 ரூபாயைப் போனிலேயே அனுப்பிவிட்டு, நாணயத்தை என் கையில் வைத்தார். சைபரில் முடியக் கூடாதாம். என் பெரியப்பா கல்யாண சமையல்காரர், அவருக்கு அச்சாரம் கொடுப்பவர்களும் இப்படித்தான் கொடுப்பார்கள். அச்சாரம் கேட்டார் என்று ஒருவரும் அவரிடம் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. தேதியைப் பிடித்து வைப்பதற்கான பணம் அது என்று இரண்டு பக்கமும் தெரியும், அதில் யாருடைய நாணயமும் சோதிக்கப்படுவதில்லை. பலகைக்கான பணமும் அந்த மாதிரிதான்.

அன்று மாலையே ரசீது கொடுத்தேன். பொருத்தித் தரும் வேலையை என் ஆடிட்டர் சேவைக் கணக்கில் காட்டுவதால், ஜிஎஸ்டியில் முன்பணம் வந்த உடனேயே ரசீது வவுச்சர் போட்டு, அந்த மாதக் கணக்கிலேயே வரியைக் காட்ட வேண்டும். 98,400க்குள் 18 சதவீத வரி 15,010 ரூபாய். பொருளையும் அதே மாதத்தில் பில்லோடு வாங்கினால் அந்தப் பில்களில் உள்ள வரி இதற்குக் கழிந்துவிடும். மாதம் தள்ளி வாங்கினால் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். முன்பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உடனே பொருள் வாங்க இதுவும் ஒரு காரணம்.

வியாழக்கிழமை பிளைவுட் இறங்கியது. அடுக்கை ஒரு படமும் பில்லை ஒரு படமும் எடுத்து டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சிக்கல் மைக்காவில் வந்தது. அவர் தேர்ந்தெடுத்த சாம்பல் நிறம் கடையில் நான்கு ஷீட்தான் இருந்தது, மீதி வரப் பத்து நாளுக்கு மேல் ஆகலாம் என்றார் கடைக்காரர். வேறு வேறு லாட்டில் வந்தால் நிறம் ஒரு சாயல் மாறும், பக்கத்துப் பக்கத்துக் கதவில் அது பளிச்சென்று தெரியும். ஆக, நான்கை வாங்கி வைப்பதிலும் பயனில்லை.

இப்போது 22,800 ரூபாய் வேலை எதுவும் செய்யாமல் என்னிடம் இருக்கிறது. எந்தப் பொருளுக்கு என்று வாங்கினேனோ அந்தப் பொருள் வரவில்லை. இதைச் சொல்லாமல் ஒரு வாரம் தள்ளினால் பலருக்கும் தெரியாது. ஆனால் பணம் கொடுத்தவர் போன் செய்து "என்ன ஆச்சு தம்பி" என்று முதலில் கேட்கும் நிலை வந்தால், அதுவரை கட்டியதெல்லாம் சரிந்துவிடும். அன்று மதியமே கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி, "மைக்கா பணத்தை இப்பவே திருப்பி அனுப்பிடறேன், சரக்கு வந்ததும் கொடுங்க" என்றேன். "அதெல்லாம் வேண்டாம், வேற கலர் பார்க்கலாம்" என்றார். மறுநாள் கடைக்கு வந்து வேறொரு நிறம் எடுத்தார், ஷீட்டுக்கு 200 ரூபாய் குறைவு. பன்னிரண்டு ஷீட்டுக்கு 2,400 மிச்சம். அதை இரண்டாம் தவணையில் கழித்து 85,000க்குப் பதில் 82,600 வாங்கினேன். பொருள் விலை கூடியிருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன் அல்லவா, குறைந்தால் கழிப்பதுதான் முறை.

இந்த முறை எல்லா வேலைக்கும் அப்படியே ஒத்துவராது. படம் மட்டும் வரைந்து தரச் சொல்லி வருபவர்களிடம் என்னால் பலகையைக் காட்ட முடியாது, அங்கே வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. அந்த வேலைக்கு மூன்று நாள் ஒதுக்குகிறேன் என்று நாளைத்தான் சொல்கிறேன், அதற்கு ஏற்றபடி தொகையும் சிறியது. சின்னப் பழுது வேலைகளுக்கு நான் முன்பணமே கேட்பதில்லை. இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு டிராயர் சேனல் மாற்ற முன்பணம் கேட்டால், என்ன காரணம் சொன்னாலும் அது சந்தேகமாகத்தான் கேட்கும்.

டீச்சர் வீட்டில் பொருத்தி முடித்த அன்று மூலைக் கதவு ஒன்று லேசாக உரசியது. கீலைத் திருகிச் சரிசெய்தோம். எல்லாக் கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு 56,600 அனுப்பினார். அந்த ஒரு ரூபாயைக் கழிக்கட்டுமா என்றேன், கூடவே கூடாது என்றார்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய தங்கை போன் செய்தார். அவர் வீட்டிலும் சமையலறை செய்ய வேண்டுமாம். அளவெடுக்க எப்போது வருவேன் என்று கேட்டவர், நான் எதுவும் சொல்லும் முன்பே அடுத்த கேள்வியையும் கேட்டார்: "அக்கா சொன்னாங்க. எங்க வீட்டுப் பலகைக்கு எவ்வளவு ஆகும்னு முதல்ல கணக்குப் போட்டுச் சொல்லிடுங்க தம்பி."